பி.சி.ஆர். "இல்லை" என்று சொன்ன எலிக்காய்ச்சல்: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த நோயாளி நிஜ ஆளல்ல. உயிரிரசாயனம், நுண்ணுயிரியல் வினாத்தாள்களில் பி.சி.ஆர். பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை ஒரே இடத்தில் காட்டுவதற்காக நானே கட்டிய கதை இது. ஆனால் இதில் வரும் குழப்பம் எந்த ஆய்வுகூடத்திலும் நடக்கக் கூடியது. எண்களும் ஒன்றோடொன்று பொருந்தும்படி தரப்பட்டிருக்கின்றன. பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு கூடவே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நோயாளி

41 வயது ஆண், தம்பலகாமத்தில் வயல் செய்பவர். பெரும்போக மழை ஓய்ந்த பிறகு, கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வரும் வாய்க்காலில் அடைத்திருந்த சேற்றை வெறுங்காலோடு இறங்கி வெட்டியிருக்கிறார். காலில் ஏற்கெனவே ஒரு வெட்டுக்காயம் இருந்தது. ஒன்றரை வாரம் கழித்துக் குளிரோடு கடும் காய்ச்சல். காய்ச்சலின் நான்காம் நாள் மருத்துவமனைக்கு வரும்போது கெண்டைக்கால் தசையைத் தொட்டாலே அலறுகிறார். கண் சிவந்திருக்கிறது, ஆனால் பீளை இல்லை. சிறுநீர் குறைந்துவிட்டதாகவும் சொல்கிறார்.

திருகோணமலையில் காய்ச்சலும் உடம்பு நோவும் என்றால் முதலில் நினைவுக்கு வருவது டெங்குதான். 2017 இல் கிண்ணியா பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. அதனால் டெங்கு என்.எஸ்.1 பரிசோதனையும் செய்யப்பட்டது. அது எதிர்மறை. குருதிச்சிறுதட்டுகள் 92,000 க்கு இறங்கியிருந்தன, இது இரண்டு நோய்களிலும் வரும். ஆனால் வெண்குழியங்கள் 13,400, அதில் 86 வீதம் நியூட்ரோபில். டெங்கில் வெண்குழியங்கள் பெரும்பாலும் குறையும். சீரம் கிரியேட்டினின் லீற்றருக்கு 168 மைக்ரோமோல், அதாவது கூட. பொற்றாசியம் 3.3 மில்லிமோல், அதாவது குறைவு. சிறுநீரகம் பழுதாகும்போது பொற்றாசியம் ஏறுவதுதான் வழக்கம். கிரியேட்டினின் ஏறியிருக்கப் பொற்றாசியம் குறைந்திருந்தால் எலிக்காய்ச்சலை, அதாவது லெப்டோஸ்பைரோசிஸை, நினைக்க வேண்டும். இந்தப் பற்றீரியா சிறுநீரகக் குழாய்களின் சோடிய மீள்உறிஞ்சலைக் கெடுப்பதால் பொற்றாசியம் சிறுநீரோடு போய்விடுகிறது. உயிரிரசாயன வினாவில் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் தந்தால், அது சும்மா தரப்பட்டதல்ல.

மருத்துவர் முடிவுக்குக் காத்திருக்கவில்லை, அன்றே பென்சிலின் தொடங்கிவிட்டார். குருதி எடுத்தது அதற்கு முன்பு. இந்த வரிசை பிறகு முக்கியமாகும்.

ஏன் பி.சி.ஆர்.?

லெப்டோஸ்பைரா மிக ஒல்லியான சுருள் பற்றீரியா. தடிப்பு மைக்ரோமீற்றரில் பத்தில் ஒரு பங்குதான், அதனால் கிராம் சாயமிட்டுச் சாதாரண நுணுக்குக்காட்டியில் பார்த்தால் தெரியாது. வளர்க்கலாம் என்றால் இ.எம்.ஜே.எச். என்ற தனி ஊடகம் வேண்டும், 28 முதல் 30 பாகை செல்சியஸில் வாரக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். எதிர்மறை என்று தூக்கிப்போடுவதற்கு முன் 13 வாரம் வரை காக்கும் ஆய்வுகூடங்களும் உண்டு. அதற்குள் நோயாளி ஒன்றில் வீட்டுக்குப் போயிருப்பார், அல்லது வேறு இடத்துக்கு. பிறபொருளெதிரிப் பரிசோதனைகளோ முதல் சில நாட்களில் பயன்படாது, உடல் அவற்றை உருவாக்க நேரம் எடுக்கும்.

ஆனால் முதல் வாரத்தில் பற்றீரியா குருதியிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. எண்ணிக்கை குறைவாக இருக்கலாம், ஆனால் அதன் டி.என்.ஏ. அங்கே இருக்கிறது. அந்தக் குறைந்த எண்ணிக்கையைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருக்குவதுதான் பி.சி.ஆர். செய்யும் வேலை.

எந்தத் துண்டைப் பெருக்குவது என்பது அடுத்த கேள்வி. வயல் தண்ணீரில் நோய் செய்யாத லெப்டோஸ்பைராக்களும் ஏராளம் வாழ்கின்றன. எல்லா லெப்டோஸ்பைராவிலும் உள்ள ஒரு மரபணுவைத் தேடினால் அவற்றையும் பிடித்துக்கொண்டு வந்துவிடும். `lipL32` என்ற மரபணு நோய் செய்யும் இனங்களில் இருக்கிறது, நோய் செய்யாதவற்றில் இல்லை. அதனால்தான் இந்தப் பரிசோதனையில் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பரவலாகப் பயன்படும் பிரைமர் சோடி இது:

```
45F   5'-AAGCATTACCGCTTGTGGTG-3'
286R  5'-GAACTCCCATTTCAGCGATT-3'
```

பெயரில் உள்ள எண்கள் மரபணுவில் இரண்டு பிரைமர்களின் வெளி முனைகளும் விழும் இடங்கள். சரி, பெருகி வரும் துண்டின் நீளம் என்ன? அவசரத்தில் 286 இலிருந்து 45 ஐக் கழித்து 241 என்று எழுதுவார்கள். இரண்டு முனைகளும் துண்டுக்குள் அடங்குவதால் ஒன்றைக் கூட்ட வேண்டும்: 242 மூலச் சோடிகள். பல்தேர்வு வினாவில் 241 உம் ஒரு தெரிவாக நிச்சயம் இருக்கும்.

இன்னொரு வழக்கமான கணக்கு, பிரைமரின் உருகு வெப்பநிலை. குறுகிய பிரைமருக்கு ஏ, டி ஒவ்வொன்றுக்கும் 2 பாகை, ஜி, சி ஒவ்வொன்றுக்கும் 4 பாகை. ஜி–சி சோடியில் மூன்று ஐதரசன் பிணைப்புகள், ஏ–டி சோடியில் இரண்டு, ஆகவே ஜி–சியைப் பிரிக்கக் கூடுதல் வெப்பம் வேண்டும்.

```
Tm = 2(A+T) + 4(G+C)
45F : 2(10) + 4(10) = 60
286R: 2(11) + 4(9)  = 58
```

இரண்டுக்கும் இடையே 2 பாகைதான் வித்தியாசம், நல்ல சோடி. ஒன்று 60, மற்றது 48 என்று இருந்திருந்தால் எந்த வெப்பநிலையை வைத்தாலும் சிக்கல்தான். உயர வைத்தால் ஒன்று ஒட்டாது, இறக்கி வைத்தால் மற்றது கண்ட இடத்திலும் ஒட்டும். இந்தச் சூத்திரம் மதிப்பீடு மட்டுமே. உப்பின் செறிவையும் பிரைமரின் செறிவையும் அது கணக்கில் எடுக்கவில்லை, அதனால் ஆய்வுகூடத்தில் கடைசியில் ஓட்டிப் பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள்.

குழாய்க்குள் நடப்பது

ஒரு சுற்றில் மூன்று படிகள். ஏறத்தாழ 95 பாகையில் ஈரிழை பிரிகிறது. 55 முதல் 60 பாகைக்கு இறக்கியதும் பிரைமர்கள் தத்தம் இடத்தில் ஒட்டுகின்றன. 72 பாகையில் டாக் பொலிமரேஸ் நொதியம் பிரைமரின் 3′ முனையிலிருந்து புதிய இழையை நீட்டுகிறது. முதல் படியில் உடைவது சோடிகளுக்கு இடையிலான ஐதரசன் பிணைப்புகள் மட்டுமே. இழையின் முதுகெலும்பான பொஸ்போடைஎஸ்டர் பிணைப்பு அப்படியே இருக்கும். கலத்துக்குள் இரண்டு இழைகளையும் ஹெலிக்கேஸ் நொதியம் பிரிக்கிறது, இங்கே வெறும் சூடு பிரிக்கிறது. இந்த ஒப்பீட்டை இரண்டு பாடத் தாள்களிலும் கேட்கிறார்கள்.

கரி முல்லிஸ் 1983 இல் இந்த யோசனையைக் கண்டபோது பயன்பட்டது ஈ. கோலை பற்றீரியாவின் பொலிமரேஸ். ஒவ்வொரு முறை 95 பாகைக்கு ஏற்றும்போதும் அது செத்துவிடும், ஒவ்வொரு சுற்றுக்கும் மூடியைத் திறந்து புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. தர்மஸ் அக்குவாட்டிகஸ் என்ற பற்றீரியாவின் நொதியம் வந்த பிறகுதான் வேலை இலகுவானது. அது அமெரிக்காவின் யெலோஸ்டோன் வெந்நீரூற்றில் கண்டெடுக்கப்பட்டது, 70 பாகைக்குப் பக்கத்தில்தான் அதற்கு வளர நன்றாக இருக்கும். நம்முடைய கன்னியாவிலும் வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றனவே, அங்கே தேடினால் கிடைக்காதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கன்னியாத் தண்ணீரை வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்கிறோம். டாக் வந்த ஊற்றில் அப்படிச் செய்தால் தோல் வெந்துவிடும்.

நொதியத்துக்கு மகனீசியம் அயன் வேண்டும், அது இல்லாமல் பொலிமரேஸ் வேலை செய்யாது. இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சத்தில் தேவைப்படும்.

துண்டின் எத்தனை நகல்கள், அதாவது படிகள், கிடைக்கும்? ஒரே ஓர் ஈரிழையில் தொடங்கி எல்லாம் சரியாக நடந்தால், n சுற்றுகளில் 2ⁿ. 30 சுற்றுக்கு 107 கோடிக்கு மேல். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதல் சுற்றில் உண்டாகும் இழைகள் பிரைமரில் தொடங்கினாலும் மறுமுனையில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நீண்டுகொண்டே போகும். சரியாக 242 நீளமான ஈரிழை முதன்முதலில் தோன்றுவது மூன்றாம் சுற்றில். அப்போது மொத்தம் எட்டு ஈரிழைகள், அவற்றில் இரண்டே இரண்டுதான் அளவானவை. பொதுச் சூத்திரம் 2ⁿ − 2n. மூன்றாம் சுற்றுவரை தாளில் படம் வரைந்து பார்த்தவருக்கு இது ஒருநாளும் மறக்காது, சூத்திரத்தை மட்டும் பாடமாக்கியவருக்குப் பரீட்சை மண்டபத்தில் மறந்துபோகும்.

இந்த நோயாளிக்குச் செய்தது நிகழ்நேர பி.சி.ஆர். இதில் பிரைமர்களோடு மூன்றாவதாக ஒரு புரோப் சேர்க்கப்படுகிறது. அது இரண்டு பிரைமர்களுக்கும் நடுவில் ஒட்டும் குறுகிய டி.என்.ஏ. துண்டு. ஒரு முனையில் ஒளிரும் மூலக்கூறு, மறு முனையில் அந்த ஒளியை விழுங்கும் மூலக்கூறு. டாக் நொதியம் புதிய இழையை நீட்டிக்கொண்டு வரும்போது வழியில் கிடக்கும் புரோப்பை வெட்டிவிடும், அதற்கு 5′→3′ எக்சோநியூக்கிளியேஸ் ஆற்றல் இருக்கிறது. இரண்டு மூலக்கூறும் பிரிந்ததும் ஒளி வெளியே தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் ஒளி கூடும். குறித்த எல்லைக் கோட்டை ஒளி எந்தச் சுற்றில் தாண்டுகிறதோ அதுதான் சி.டி. மதிப்பு. தொடக்கத்தில் டி.என்.ஏ. கூட இருந்தால் கோட்டைச் சீக்கிரம் தாண்டும், சி.டி. குறையும். அதிக சி.டி. என்றால் அதிகக் கிருமி என்று எழுதிவிட்டு வருபவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

திரையில் வந்தது

ஆய்வுகூடத்துக்கு வந்த முதல் குழாய் பச்சை மூடி. பி.சி.ஆர். இற்கென்று யாரும் தனியாகக் குருதி எடுக்கவில்லை, உயிரிரசாயனப் பரிசோதனைக்கு எடுத்ததில் மிஞ்சியதை அனுப்பியிருந்தார்கள். கிருமியை உடைக்கும் படியிலேயே ஒவ்வொரு மாதிரியிலும் தெரிந்த அளவு அந்நிய டி.என்.ஏ. ஒன்று சேர்க்கப்பட்டது, இதுதான் உள்கட்டுப்பாடு. அதற்கு வேறு நிறத்தில் ஒளிரும் தனிப் புரோப். இயந்திரம் 45 சுற்று ஓடி முடிந்ததும்:

```
Sample      lipL32         IC
PC          26.9           28.2
NTC         Undetermined   28.0
Patient-H   Undetermined   Undetermined
```

பயிற்சிக்கு வந்திருந்த மாணவன் நடு நிரலை மட்டும் பார்த்தான்.

"மிஸ், நெகட்டிவ். டெங்குவும் இல்லை, எலிக்காய்ச்சலும் இல்லை."

"கடைசி நிரலையும் வாசியும் தம்பி. அந்தக் குழியில் நாங்களே போட்ட டி.என்.ஏ. எங்கே போனது?"

கேள்வி முழுக்க இதுதான். நாமே போட்ட டி.என்.ஏ. கூடப் பெருகவில்லை என்றால், அந்தக் குழியில் பி.சி.ஆர். நடக்கவே இல்லை. நடக்காத பரிசோதனைக்கு எதிர்மறை என்ற முடிவு கிடையாது, அது செல்லாத முடிவு. எங்கே பிழை என்று மற்ற இரண்டு வரிசைகளும் சொல்கின்றன. `PC` என்ற நேர்க் கட்டுப்பாட்டில் இரண்டு நிறமும் வந்திருக்கின்றன, ஆகவே பிரைமர், புரோப், நொதியம், இயந்திரம் எல்லாம் சரி. `NTC` இல் நோயாளியின் டி.என்.ஏ. இல்லை, உள்கட்டுப்பாடு மட்டும் 28 இல் வந்திருக்கிறது, ஆகவே பிரித்தெடுக்கும் படியும் சரி, மாசும் கலக்கவில்லை. மூன்றாவது குழியில் மட்டுமே சிக்கல் என்றால் சிக்கல் அந்த மாதிரிக்குள் இருக்கிறது.

பச்சை மூடி என்றால் ஹெப்பரின். குருதி உறையாமல் தடுக்கும் இந்தப் பொருள் டாக் பொலிமரேஸையும் தடுக்கும். அது நீண்ட, கடுமையான எதிர்மின்னேற்றம் கொண்ட சங்கிலி. டி.என்.ஏ. உம் எதிர்மின்னேற்றம் கொண்ட நீண்ட சங்கிலிதான். அதனால் பிரித்தெடுக்கும்போது இரண்டும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன, கழுவினாலும் முழுதாகப் போவதில்லை. குருதியில் உள்ள ஹீமும் இப்படித் தடுக்கும், ஆனால் நல்ல பிரித்தெடுப்பில் அதைப் பெரும்பாலும் நீக்கிவிடலாம்.

ஊதா மூடியில் இருக்கும் ஈ.டி.டி.ஏ. மட்டும் தடுக்காதா? தடுக்கும். அது மகனீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மகனீசியம் இல்லாமல் பொலிமரேஸ் ஓடாது என்று மேலே பார்த்தோம். ஆனால் ஈ.டி.டி.ஏ. சிறிய மூலக்கூறு, கழுவும் படியில் போய்விடும், மிஞ்சும் கொஞ்சத்தைக் கலவையிலுள்ள மகனீசியம் சமாளித்துவிடும். வினாவில் "பி.சி.ஆர். இற்கு உகந்த குழாய் எது" என்று கேட்டால் விடை ஊதா மூடி. "ஏன்" என்று கேட்டால் இந்தப் பந்தியை எழுதலாம்.

பத்தில் ஒன்றாக ஐதாக்கிப் பார்த்தபோது

தடுப்பான் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் முதலில் செய்யும் எளிய வேலை, பிரித்தெடுத்த டி.என்.ஏ. கரைசலைப் பத்து மடங்கு ஐதாக்கி மீண்டும் ஓட்டுவது. தடுப்பானும் பத்தில் ஒன்றாகும், நொதியம் மூச்சு விடும். ஆனால் தேடும் டி.என்.ஏ. உம் பத்தில் ஒன்றாகும், அதுதான் இதன் விலை.

பத்து மடங்கு ஐதானால் சி.டி. எவ்வளவு கூட வேண்டும்? ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பு என்றால், பத்து மடங்கை ஈடுசெய்ய 3.3 சுற்று வேண்டும், ஏனெனில் 2 இன் அடுக்கு 3.32 ஏறத்தாழ 10. உள்கட்டுப்பாடு வழக்கமாக 28 இல் வருகிறது, அப்படியானால் ஐதாக்கிய பின் 31.3 இற்குக் கிட்ட வர வேண்டும். வந்தது 31.5. தடுப்பான் விலகிவிட்டது என்பதற்கு இது போதுமான சான்று. 35 என்று வந்திருந்தால், பெருக்கம் நடக்கிறது, ஆனால் தடுப்பு இன்னும் மிச்சம் இருக்கிறது என்று பொருள்.

மூன்று குழிகளில் ஓட்டினார்கள். `lipL32` ஒன்றில் 37.6 இல் வந்தது. மற்ற இரண்டிலும் `Undetermined`. மாணவனுக்கு இது முதல் முடிவைவிடக் கூடுதல் குழப்பம். ஒரே கரைசல், இரண்டு விடை!

இதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு அடுத்த குழாயைப் பார்ப்போம். முழுக் குருதி எண்ணிக்கைக்காக அதே நேரத்தில், பென்சிலினுக்கு முன்பு எடுத்த ஊதா மூடிக் குழாய் ஒன்று குருதியியல் பகுதிக் குளிர்சாதனப் பெட்டியில் 4 பாகையில் கிடந்தது. மிஸ் தொலைபேசியில் கேட்டு எடுப்பித்தார். புதிதாகக் குருதி எடுக்கலாமே என்று தோன்றும். ஆனால் அதற்குள் நோயாளிக்கு ஒரு நாள் பென்சிலின் போய்விட்டது, குருதியிலுள்ள லெப்டோஸ்பைராக்கள் வேகமாகக் குறையும். நேற்றைய குழாய் இன்றைய குழாயைவிட நல்லது.

அதில் உள்கட்டுப்பாடு 28.1, `lipL32` 34.0. நேர்மறை.

இப்போது அந்தக் குழப்பத்துக்குத் திரும்பலாம். இந்த ஆய்வுகூடத்தின் நியமக் கோட்டில் சி.டி. 34 என்றால் ஒரு குழிக்குள் ஏறத்தாழ 10 படிகள் இருக்கின்றன. பச்சை மூடிக் குழாயிலும் அதே நோயாளியின் அதே நேரக் குருதிதான், அதிலும் ஏறத்தாழ அவ்வளவே இருந்திருக்கும். பத்து மடங்கு ஐதாக்கினால் குழிக்குச் சராசரியாக ஒரு படி. சராசரி ஒன்று என்றால் ஒவ்வொரு குழியிலும் ஒன்று என்று அர்த்தமில்லை. சில குழிகளில் இரண்டு விழும், சிலவற்றில் ஒன்றுமே விழாது. புவசோன் பரம்பல்படி ஒரு குழி வெறுமையாக இருக்க வாய்ப்பு e⁻¹, அதாவது 37 வீதம். மூன்றில் இரண்டு குழி வெறுமையாவது ஆச்சரியமே இல்லை. விழுந்த ஒரு படி 34 + 3.3 = 37.3 இற்குப் பக்கத்தில் வர வேண்டும், வந்தது 37.6. எல்லாம் பொருந்துகிறது.

ஆனால் ஊதா மூடிக் குழாய் இல்லாமல் இந்த மூன்று குழிகள் மட்டும் கையில் இருந்திருந்தால், அதை நேர்மறை என்று அறிக்கை எழுதியிருக்க முடியாது என்பது என் கருத்து. மூன்றில் ஒன்று, அதுவும் 37 ஐத் தாண்டி வந்தால், அது உண்மையான ஒற்றைப் படியாக இருக்கலாம், பக்கத்துக் குழியிலிருந்து தெறித்த துளியாகவும் இருக்கலாம். வேறு மாதிரி கேட்டு மீண்டும் செய்வதே முறை.

மாசு பற்றியும் ஒரு வார்த்தை. `NTC` குழியில் `lipL32` 36 இல் வந்திருந்தால் என்ன செய்வது? பரீட்சையில் பலர் "அந்த எண்ணைக் கழித்துப் பார்க்கலாம்" என்று எழுதுகிறார்கள். கழிக்க முடியாது. அன்றைய ஓட்டத்தில் பலவீனமான நேர்மறைகள் எல்லாமே சந்தேகத்துக்குரியவை, கலவையைப் புதிதாகச் செய்து மீண்டும் ஓட்ட வேண்டும். பெருகிய துண்டுகள் உள்ள குழாயைத் திறந்த அறையில் கலவை தயாரிப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

நிகழ்நேர இயந்திரம் இல்லாத இடத்தில் இதே பிரைமர்களோடு சாதாரண பி.சி.ஆர். செய்து அகரோஸ் ஜெல்லில் ஓட்டலாம். பொஸ்பேற்றுக் கூட்டங்களால் டி.என்.ஏ. எதிர்மின்னேற்றம் கொண்டது, நேர் முனையை நோக்கி ஓடும், சிறிய துண்டு முந்தும். 100 மூலச் சோடி இடைவெளி ஏணியின் 200 இற்கும் 300 இற்கும் நடுவில் கோடு ஒன்று தெரிந்தால் 242 ஆக இருக்கலாம். 100 இற்குக் கீழே மங்கலாக ஒரு கறை தெரிந்தால், அது பிரைமர்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருகியது, கிருமி அல்ல.

பி.சி.ஆர். சொல்லாதவை

நேர்மறை வந்தது. எந்த இனம், எந்தச் சீரோவகை? `lipL32` அதற்குப் பதில் தராது. இனம் அறிய `secY` போன்ற இன்னொரு மரபணுவைப் பெருக்கி அதன் வரிசையை வாசிக்க வேண்டும். சாங்கர் முறையில் 3′ இடத்தில் ஐதரொட்சைல் இல்லாத டைடியொக்சி நியூக்கிளியோதைட்டுகளை நான்கு நிறங்களில் கலப்பார்கள். அவற்றில் ஒன்று சேர்ந்ததும் இழை அதோடு நின்றுவிடும், அடுத்ததை இணைக்க அங்கே பிடி இல்லை. வெவ்வேறு இடங்களில் நின்ற துண்டுகளை நீள வரிசையில் பிரித்து, முனை நிறத்தை வாசித்தால் வரிசை வந்துவிடும். சீரோவகை வேறு கதை. அது பற்றீரியா மேற்பரப்பின் லிப்போபொலிசக்கரைட்டைப் பொறுத்தது, அதைப் பிறபொருளெதிரிகளைக் கொண்டுதான் பார்ப்பார்கள்.

இதே நோயாளிக்கு டெங்கையும் பி.சி.ஆர். மூலம் பார்க்க வேண்டி வந்திருந்தால் முன்னால் ஒரு படி கூடும். டெங்கு வைரசின் மரபுப் பொருள் ஆர்.என்.ஏ., டாக் நொதியத்துக்கு அது அச்சாகாது. ரிவேர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியத்தால் முதலில் அதை டி.என்.ஏ. ஆக மாற்ற வேண்டும். அந்த நொதியத்தைச் சேர்க்க மறந்த கலவையில் டெங்கு எப்போதும் எதிர்மறைதான். இங்கே உள்கட்டுப்பாடு டி.என்.ஏ. ஆக இருந்தால் அது அழகாக 28 இல் வந்து ஆளை ஏமாற்றும். ஆர்.என்.ஏ. பரிசோதனைக்கு உள்கட்டுப்பாடும் ஆர்.என்.ஏ. ஆகவே இருக்க வேண்டும் என்பதன் காரணம் இது.

பிறபொருளெதிரிப் பரிசோதனைக்கு நான்காம் நாள் சீரத்தில் ஐ.ஜி.எம். எலைசா எதிர்மறை, பதினோராம் நாளில் நேர்மறை. நுண் ஒட்டுதிரள் பரிசோதனை, அதாவது மாட், நான்காம் நாள் 1:100 இலும் ஒட்டுதிரளவில்லை, பதினெட்டாம் நாள் 1:800. இரண்டு சீரங்களுக்கு இடையே நான்கு மடங்கு ஏற்றம் இருந்தால் போதும், இங்கே அதற்கும் மேல். உயிருள்ள லெப்டோஸ்பைராக்களைப் பல சீரோவகைகளில் வளர்த்து வைத்திருந்தால்தான் மாட் செய்ய முடியும் என்பதால் எல்லா மருத்துவமனைகளிலும் இது நடக்காது. இரண்டாவது சீரம் வரும்வரை முடிவும் இல்லை, அதற்குள் சிகிச்சை முடிந்துவிடும்.

இந்த நிகழ்விலிருந்து வினாத்தாளுக்கு ஒன்று. "வயல் வேலை செய்பவர், காய்ச்சலின் ஒன்பதாம் நாள், மூன்று நாளாகப் பென்சிலின் எடுக்கிறார். குருதி பி.சி.ஆர். எதிர்மறை, உள்கட்டுப்பாடு சாதாரணம். எலிக்காய்ச்சல் இல்லை என்று சொல்லலாமா?" சொல்ல முடியாது. உள்கட்டுப்பாடு வந்திருப்பதால் பரிசோதனை செல்லும், அந்தக் குருதியில் கண்டுபிடிக்கக் கூடிய அளவு டி.என்.ஏ. இல்லை என்பதும் உண்மை. ஆனால் முதல் வாரம் கடந்துவிட்டது, மருந்தும் போயிருக்கிறது, கிருமி குருதியை விட்டுப் போயிருக்கும். சிறுநீரகத்தில் அது இருக்கலாம் என்பதால் சிறுநீரில் பி.சி.ஆர். செய்து பார்க்கலாம், மருந்து தொடங்கிவிட்டதால் அதுவும் எதிர்மறையாக வரக்கூடும். இந்தக் கட்டத்தில் கூடுதல் மதிப்புள்ளது ஐ.ஜி.எம்., அதோடு இரண்டு வாரம் கழித்து எடுக்கும் இரண்டாவது சீரத்தோடு மாட். விடையில் நாளையும் மருந்தையும் மாதிரியையும் மூன்றையும் தொட்டு எழுதினால்தான் முழுப் புள்ளி. "பி.சி.ஆர். உணர்திறன் குறைவு" என்று மட்டும் எழுதினால் பாதிகூடக் கிடைக்காது.